முதல் வாத்தியம் யுகுலேலியா, சின்ன கிட்டாரா: பெரியவர்களின் விரலுக்கு எது ஒத்துவரும்?

முப்பது, நாற்பது வயதில் ஒரு வாத்தியம் கற்க நினைப்பவர்களுக்குக் கடையில் முதலில் கிடைக்கும் ஆலோசனை, "சின்னதா வாங்குங்க, சுலபமா இருக்கும்" என்பதுதான். இது பாதிதான் உண்மை. வாத்தியம் சிறுத்தால் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகள் நெருங்கும், கை அதிகம் விரிய வேண்டாம். ஆனால் பெரியவர்களின் தடித்த விரல்களுக்குப் பெரும்பாலும் விரிப்பு பிரச்சினையே அல்ல. ஒரு தந்தியை அழுத்தும்போது பக்கத்துத் தந்தியில் விரல் படாமல் இருக்கிறதா, அழுத்த எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்ற இரண்டுதான் முதல் மாதத்தைத் தீர்மானிக்கும். அதனால் முதலில் தந்தி வகை, அடுத்து தந்திகளுக்கு இடையிலான இடைவெளி, கடைசியாக அளவு என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

மில்லிமீட்டரில் பார்த்தால்

கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் சின்னப் பட்டைக்கு நட் என்று பெயர். வழக்கமான யுகுலேலியில் அது சுமார் 35 மி.மீ. அகலம். அதில் நான்கு தந்திகள்தான் என்பதால் தந்திக்குத் தந்தி 9 மி.மீ. இடம் கிடைக்கும். ஸ்டீல் தந்தி போட்ட சின்ன கிட்டாரில் நட் 43 மி.மீ. அளவில் இருக்கும். அதற்குள் ஆறு தந்திகள் நிற்க வேண்டும், ஆகவே இடைவெளி 7 மி.மீ.தான். முக்கால் அளவு நைலான் கிட்டாரில் நட் பொதுவாக 48 மி.மீ., இடைவெளி 8 மி.மீ. ஆக, எல்லாவற்றிலும் சிறிய வாத்தியத்தில்தான் தந்திகள் விலகி நிற்கின்றன. "என் விரல் தடிமன், யுகுலேலி சரிவராது" என்று ஒதுங்குபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அழுத்தும் பலத்தைப் பாருங்கள். நடுத்தர அளவான கான்சர்ட் யுகுலேலியின் நான்கு தந்திகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 15 முதல் 20 கிலோ. முழு அளவு நைலான் கிட்டாரில் ஆறும் சேர்ந்து 40 கிலோவை ஒட்டி வரும். முழு அளவு ஸ்டீல் கிட்டாரில், முதல் தந்தி 0.012 இன்ச் என்பதால் 12 என்று சொல்லப்படும் வழக்கமான செட் போட்டால், 70 கிலோவைத் தாண்டும். போதாக்குறைக்கு அதன் முதல் தந்தி 0.3 மி.மீ. தடிமன்தான். நைலானில் அதே தந்தி 0.7 மி.மீ. இருக்கும். மெல்லிய கம்பியும் கூடுதல் இறுக்கமும் சேர்வதால்தான் ஸ்டீலில் விரல்நுனி எரிகிறது.

யுகுலேலிக்குள் எந்த அளவு

இணையக் கடைகள் 21 இன்ச், 23 இன்ச், 26 இன்ச் என்று எழுதுவது மொத்த நீளம். அவை முறையே சோப்ரானோ, கான்சர்ட், டெனர். உங்களுக்குத் தேவைப்படுவது ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து, உடல்பக்கம் தந்திகளைக் கட்டும் பிரிட்ஜ் மேலுள்ள சேடில் என்ற பட்டை வரை தந்தி அதிரும் நீளம். சோப்ரானோவில் அது சுமார் 33 முதல் 35 செ.மீ., கான்சர்ட்டில் 38, டெனரில் 43.

இந்த வித்தியாசத்தை விரலில் உணர, பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் கார்டுகளில் D கார்டு போதும். மூன்று விரல்கள் அடுத்தடுத்த மூன்று தந்திகளில், இரண்டாம் ஃப்ரெட்டுக்குள் நிற்க வேண்டும். சோப்ரானோவில் அந்தக் கட்டத்தின் நீளம் ஏறக்குறைய 17.5 மி.மீ., கான்சர்ட்டில் 20, டெனரில் 23. சோப்ரானோவில் மூன்றாவது விரல் ஃப்ரெட் கம்பியிலிருந்து பின்னால் தள்ளப்பட்டு, தந்தி கரகரக்கும். கான்சர்ட்டில் விரல்களைச் சற்றுச் சாய்த்தால் இடம் கிடைக்கும். டெனரில் சிரமமே இல்லை. ஆனால் கவனியுங்கள்: அளவு கூடும்போது ஃப்ரெட் நீளம்தான் வளர்கிறது. நட் பல கம்பெனிகளில் அதே 35, 36 மி.மீ.யிலேயே நின்றுவிடும். பக்கத்துத் தந்தியில் விரல் படுவதுதான் உங்கள் தொல்லை என்றால், டெனர் என்று கேட்பதைவிட 38 மி.மீ. நட் உள்ள மாடலைத் தேடுவது பலன் தரும்.

பெரியவர்களுக்கு சோப்ரானோவை நான் பரிந்துரைப்பதில்லை. பாடிக்கொண்டே கார்டு தட்ட கான்சர்ட், தனியாக மெட்டு வாசிக்க டெனர்.

தந்தி: ஜி மேலேயா கீழேயா

யுகுலேலியின் சுருதி G C E A. இதில் நான்காவது தந்தியான ஜி, வழக்கமாக சி தந்தியைவிட உயர்ந்த ஸ்தாயியில் இருக்கும். தட்டும்போது வரும் அந்தக் கலகலப்பு இதனால்தான். அதற்கு இழப்பும் உண்டு: நடு சி-க்குக் கீழே ஒரு ஸ்வரம்கூட வாத்தியத்தில் கிடையாது. ஒரு கட்டையில், அதாவது சி-யை ஸட்ஜமாக வைத்து, ஒரு திரைப்பாடலின் மெட்டை வாசிக்கப் போனால், மெட்டு மந்தர நிஷாதத்துக்கு இறங்கும் இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். இரண்டு வழிகள் உண்டு. நான்கு கட்டைக்கு மாறினால் எஃப் ஸட்ஜமாகும், திறந்த சி தந்தி மந்தர பஞ்சமமாகும், ப த நி மூன்றும் கிடைத்துவிடும். மேல் ஸட்ஜம் ஏ தந்தியின் எட்டாம் ஃப்ரெட்டில் இருக்கும். பல மெட்டுகளுக்கு இது போதும், செலவும் இல்லை. ஒரு கட்டையிலேயே வேண்டுமென்றால், ஜி-யை ஒரு ஸ்தாயி கீழே வைக்கும் லோ-ஜி தந்தி போட வேண்டும். அது டெனரில்தான் நன்றாகப் பேசும். சோப்ரானோவில் தொங்கும். லோ-ஜி தந்தி தடிமனானது, பழைய ஜி-க்கு வெட்டிய நட் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்தால் முதல் ஃப்ரெட்களில் சுருதி ஏறும். பள்ளத்தை அகலப்படுத்தச் சொல்லித்தான் போட வேண்டும்.

தந்திப் பொருள் மூன்று வகை. சாதா நைலான் மென்மையானது, ஆனால் சி தந்தி தடித்து மந்தமாக ஒலிக்கும், அழுத்தினால் சுருதி ஏறவும் செய்யும். ஃப்ளோரோகார்பன் நைலானைவிட அடர்த்தி கூடியது. அதே சுருதியை ஐந்தில் நான்கு பங்கு தடிமனிலேயே தந்துவிடும். ஒலி தெளிவு, சி தந்தியும் சரியாக நிற்கும். அக்கிலா கம்பெனியின் நைல்கட் இரண்டுக்கும் நடுவில். விலை மலிவான யுகுலேலியைக்கூடத் தந்தி மாற்றினால் நம்ப முடியாத அளவுக்கு மாற்றலாம். முதல் கூடுதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். எந்த வகை போட்டாலும் புதிதில் பல நாட்கள் இழுபட்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். தந்தியை முறுக்கும் கீ பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்.

கிட்டார்தான் இலக்கு என்றால்

இங்கே மூன்று பேர் போட்டியிடுகிறார்கள்: கிட்டாலேலி, முக்கால் நைலான், சின்ன ஸ்டீல்.

யமஹா ஜிஎல்1 போன்ற கிட்டாலேலிக்கு ஆறு நைலான் தந்திகள், 433 மி.மீ. ஸ்கேல். கிட்டார் கார்டுகள் அப்படியே வரும், ஆனால் சுருதி A D G C E A, அதாவது எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியைக் கிட்டாரின் ஐந்தாம் ஃப்ரெட்டில் போட்டது போல. ஜி கார்டு பிடித்தால் சி ஒலிக்கும். "சாதாரண கிட்டார் சுருதிக்கே இறக்கிவிட்டால் என்ன?" என்று பலரும் முயல்கிறார்கள். தந்தியின் இறுக்கம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 650 மி.மீ.க்குச் செய்த தந்தியை 433-இல் அதே சுருதிக்கு வைத்தால் இறுக்கம் 44 சதவீதம்தான் மிஞ்சும். தந்தி தளர்ந்து ஃப்ரெட்டில் மோதும். ஏ வரை ஏற்றினால் 79 சதவீதம் திரும்பிவிடும். பயணத்துக்கு நல்ல துணை, நண்பர்களோடு சேர்ந்து வாசிக்க ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு வேண்டும்.

முக்கால் நைலான் கிட்டாரின் ஸ்கேல் 580 மி.மீ. (யமஹா சிஜிஎஸ்103ஏ இந்த அளவு). சாதாரண கிட்டார் சுருதியிலேயே வாசிக்கலாம். அதே கணக்குப்படி நார்மல் டென்ஷன் செட் போட்டால் இறுக்கம் 80 சதவீதம். விரலுக்கு இதம், ஆனால் தடித்த ஈ தந்தியைப் பலமாகத் தட்டினால் கரகரக்கும். ஹை டென்ஷன் செட் போட்டால் பெரும்பாலும் சரியாகும். கிட்டாருக்குப் போக நினைக்கும் பெரியவருக்கு என் முதல் தேர்வு இதுதான்.

சின்ன ஸ்டீல் கிட்டார்களில் லிட்டில் மார்ட்டின், பேபி டெய்லர் இரண்டும் இதே 58 செ.மீ. ஸ்கேலை ஒட்டி வருபவை. நல்ல வாத்தியங்கள், ஆனால் அந்த உலோக ஒலிதான் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு. 7 மி.மீ. இடைவெளியில் ஏ கார்டின் மூன்று விரல்களை அடுக்கிப் பார்த்தால் காரணம் புரியும். கடலோர ஊர்களில் ஸ்டீல் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் துடைக்க வேண்டும். விலை மலிவான 38 இன்ச் ஸ்டீல் கிட்டார்களில் பலவற்றுக்குக் கழுத்துக்குள் திருகித் திருத்தும் ட்ரஸ் ராட் இருப்பதில்லை. சில மாதங்களில் கழுத்து வளைந்து தந்தி உயர்ந்துவிட்டால் வழியே இல்லை. ட்ரஸ் ராட் உண்டா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

நைலான் கிட்டாரில் ஸ்டீல் தந்தி போடுவது மட்டும் கூடவே கூடாது. அந்த இழுப்புக்கு அதன் பலகை செய்யப்படவில்லை, பிரிட்ஜ் பெயர்ந்து வரும்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது

ஒரு தந்தியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் இடம்தான் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் நட் பள்ளம் உயரம். போனில் உள்ள ட்யூனரில் உறுதிசெய்யலாம்: திறந்த தந்தியைச் சரியாக வைத்து, முதல் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். ஒரு ஃப்ரெட் தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட்; முள் 15, 20 சென்ட் ஏறினால் அதே கோளாறுதான். மலிவு வாத்தியங்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இது. எஃப் கார்டு வராததற்கு மாதக்கணக்கில் விரலைக் குறை சொல்லவைப்பதும் இதுதான்.

பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் அளக்கவும். யுகுலேலியில் 2.5 முதல் 3 மி.மீ., நைலான் கிட்டாரில் 3 முதல் 4, ஸ்டீலில் 2 முதல் 2.5 சரி. கூடுதலாக இருந்தால் சேடிலின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து வீட்டிலேயே குறைக்கலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அரை மி.மீ. இறங்க, சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். நட் பள்ளத்தை மட்டும் நீங்களே தொடாதீர்கள், ஒரு மயிரிழை கூடுதலாக அராவினாலும் திறந்த தந்தி கரகரத்து, நட்டையே மாற்ற வேண்டி வரும். பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரையே அராவித் தரச் சொல்லி, ட்யூனரில் மறுபடி பார்த்துவிட்டு வாங்குங்கள்.