இடது ஓரம் வெட்டுப்பட்ட பக்கம்: மறுபடமா, வேறு பிரதியா, ஊகமா, புள்ளியா?

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை யாரோ கைபேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் இவ்வளவு தொல்லை இல்லை. அங்கே போவது பெரும்பாலும் விகுதியோ வேற்றுமை உருபோதான். வாக்கியமே அதைச் சொல்லிவிடும். இடது பக்கம் போனால் சொல்லின் தலையே போகிறது.

தமிழ் எழுத்தில் இதற்கு ஒரு தனிக் கேடும் உண்டு. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் மெய்யின் இடப்பக்கம் நிற்பவை. வெட்டு சரியாகக் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே விழுந்தால், பாதி எழுத்து தெரியாது. முழு எழுத்து ஒன்று தெரியும், ஆனால் அது வேறு எழுத்தாக இருக்கும். தோள் தாளாகிவிடும். போர் பாராகும், கோடு காடாகும், கொடை காடையாகும், பெண் பண்ணாகும். படத்தைப் பார்ப்பவருக்கும், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளான எழுத்துணரிக்கும் இங்கே எதுவும் விடுபட்டதாகவே தோன்றாது. சொல்லின் நடுவில் வரி உடைந்திருந்தால் ணகரத்தின் இடச்சுழி போய் அது னகரம் போல நிற்பதும் உண்டு. ஆக, வெற்றாகத் தெரியும் இடத்தைவிட ஒழுங்காகத் தெரியும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிழையை எது பிடிக்கிறது, எது விட்டுவிடுகிறது?

அதற்கு முன் எழுத்து எங்கே போனது என்று பார்த்துவிடுவது நல்லது. தமிழ்ப் புத்தகத்தில் ஒற்றைப்படை எண் பக்கங்கள் வலப்புறம் வரும். அவற்றின் இடது ஓரம்தான் தையல் பக்கம். ஒற்றைப்படைப் பக்கங்களில் மட்டும் எழுத்து போயிருந்தால் அது தையல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது என்று பொருள். இரட்டைப்படைப் பக்கங்களிலும் போயிருந்தால் படம் எடுத்தவரின் கை, அல்லது விளிம்பைத் தானே கண்டுபிடித்து வெட்டும் ஸ்கேன் செயலி. இந்த இரண்டாவது வகையில் சில நேரம் எழுத்து கோப்புக்குள்ளேயே இருக்கும். கைபேசிச் செயலிகள் பலவற்றில் வெட்டுவதற்கு முந்தைய அசல் படம் கிடக்கிறது. அனுப்பியவரிடம் அதைக் கேட்டால் போதும். பி.டி.எஃப். கோப்பில் பக்கத்தை வெட்டுவது என்பது பல மென்பொருள்களில் காட்டும் சட்டகத்தைக் குறுக்குவது மட்டுமே; உள்ளே இருக்கும் படம் முழுசாகவே இருக்கும். பாப்ளர் என்ற பி.டி.எஃப். கருவித் தொகுப்போடு வரும் இந்தக் கட்டளைகள் அதை வெளியே எடுத்துத் தரும்:

```
pdfimages -list book.pdf
pdfimages -all book.pdf page
```

முதல் கட்டளை ஒவ்வொரு படத்தின் அகல உயரத்தையும் காட்டும். திரையில் தெரியும் பக்கத்தின் அகல உயர விகிதத்தைவிடப் படம் அகலமாக இருந்தால் மீதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வெட்டிய பின் மறுபடி அச்சிட்டுச் சேமித்த கோப்பு என்றால் இந்த வழி அடைபட்டுவிட்டது.

இனி மறுபடம். புத்தகம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இதற்கு இணை கிடையாது. கொம்புப் பிழை முழுவதையும் ஒரே அடியில் தீர்ப்பது இதுதான். தையல் மடிப்புக்குள் போன எழுத்துக்குப் புத்தகத்தை அகல விரித்து அழுத்துவது தவறு. பழைய தாள் முறியும், முதுகு பிளக்கும். தொண்ணூறு பாகை அளவுக்கு மட்டும் திறந்து, படிக்கும் பக்கத்தைத் தாங்கிப் பிடித்து, அந்தப் பக்கத்துக்கு நேராக கேமராவை வைத்து, மடிப்பை நோக்கி வெளிச்சம் விழும்படி எடுத்தால் நெரிந்து கிடக்கும் எழுத்து விரிந்து தெரியும். ஆனால் பழுதான முதுகை நீக்கிவிட்டுப் பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்த நூலகப் பிரதிகள் உண்டு. அவற்றில் நூல் எழுத்தின் மேலேயே ஓடும். சிலவற்றில் கட்டுமுன் ஓரத்தையே நறுக்கியிருப்பார்கள். அங்கே எத்தனை முறை படம் எடுத்தாலும் பயன் இல்லை.

அப்போது வேறு பிரதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இணைய ஆவணக் காப்பகம், ஈழத்து நூல் என்றால் நூலகம் திட்டம், நேரில் போக முடிந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று தேட இடம் இருக்கிறது. கிடைத்ததும் அவசரப்பட்டு எழுத்துகளை அள்ளிக்கொள்ளக் கூடாது. அது அதே அச்சுதானா? தலைப்புப் பக்கத்தின் ஆண்டு மட்டும் போதாது. நம் படத்தில் வலது ஓரம் முழுசாக இருக்கிறதல்லவா? இரண்டு பிரதிகளிலும் ஒவ்வொரு வரியும் ஒரே எழுத்தில் முடிகிறதா என்று ஒரு பக்கம் பார்த்தால் தெரிந்துவிடும். உரைநடையில் ஒத்து முடிந்தால் பெரும்பாலும் ஒரே அச்சுக்கோப்பு. முதல் எழுத்துகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். வரி முடிவுகள் மாறினால் அது மறுபதிப்பு. மறுபதிப்பில் பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்தியிருக்கலாம். அங்கே ‘தோள்’ என்று கண்டால் முதல் பதிப்பிலும் தோள்தான் என்று உறுதி சொல்ல முடியாது. முதல் பதிப்பில் தாள் என்று இருந்ததை அவர் மாற்றியிருக்கக்கூடும். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தப் பதிப்பிலிருந்து என்ற குறிப்போடு.

மூன்றாவது வழியான ஊகத்தைப் பலர் சூதாட்டம் போலப் பார்க்கிறார்கள். உரைநடையில் அவ்வளவு பயம் வேண்டாம். பழைய அச்சில் சொற்கள் வரி இறுதியில் கண்ட இடத்தில் உடையும்; போன எழுத்தின் முன்பாதி மேல்வரியின் கடைசியில் பத்திரமாக இருக்கும். ‘சொல்லுகி’ என்று மேலே முடிந்து கீழே ‘ர்கள்’ என்று தொடங்கினால் நடுவே போனது றா என்பதில் யாருக்கு ஐயம்? ஊகம் செல்லாத இடங்கள் ஆட்பெயரின் தலைப்பெழுத்து, ஊர்ப்பெயர், தொகை, தேதி. ‘5 ரூபாய்’ என்று தெரிவது 25 ஆகவும் இருக்கலாம், 105 ஆகவும் இருக்கலாம்.

செய்யுளில்தான் கதை சுவாரசியமாகிறது. யாப்பு ஊகத்துக்குத் துணை நிற்கும், ஆனால் எல்லாரும் நினைக்கும் விதத்தில் அல்ல. எதுகை கைகொடுக்கும் என்று முதலில் தோன்றும். எதுகை ஒத்து வருவது இரண்டாம் எழுத்தில்; போனதோ முதல் எழுத்து. முதல் எழுத்தைப் பற்றி எதுகை சொல்வது அளவு மட்டுமே: ஓரடியில் குறில் என்றால் மற்றதிலும் குறில். இரண்டு அடியிலும் முதல் எழுத்தே இல்லாதபோது அதுவும் உதவாது. விடை தெரிந்த ஒரு பாட்டை வைத்து இதைச் சோதிக்கலாம். முதல் குறளின் இடது ஓரத்தை மறைத்துவிட்டால் மிஞ்சுவது இது:

.கர முதல எழுத்தெல்லாம் ஆதி
.கவன் முதற்றே உலகு

முதல் அடியில் போனது நெடில் என்று வைத்துப் பாருங்கள். ‘ஆகர’ போன்ற சீர் நேர் நிரை, அதாவது கூவிளம். வெண்பாவில் விளத்தின் முன் நேர் வர வேண்டும். அடுத்து நிற்கும் ‘முதல’ நிரையில் தொடங்குகிறது. வெண்டளை தட்டுகிறது. குறில் என்றால் நிரை நேர், புளிமா. மாமுன் நிரை, பொருந்துகிறது. ஆகவே போனது குறில். ஆனால் அகர, நகர, மகர, தகர எல்லாமே இந்த அளவுக்குள் அடங்கும். ‘மகர முதல எழுத்தெல்லாம்’ என்று யாராவது தட்டச்சு செய்து வைத்தால் தளை ஒரு வார்த்தை பேசாது. இங்கே மோனை வருகிறது. நான்காம் சீர் ‘ஆதி’. ஆகாரத்துக்கு மோனையாகும் இனம் அ, ஆ, ஐ, ஔ. அவற்றில் குறில் அ ஒன்றுதான். எழுத்து கிடைத்துவிட்டது.

இரண்டாம் அடியில் இவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. ‘ஆதி’ தேமா, மாமுன் நிரை வேண்டும் என்பதால் இங்கும் போனது குறில். ஆனால் மோனை இல்லை: முதற்றே, உலகு இரண்டும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. பகரத்தைப் போடச் சொல்வது பொருளும் நம் மனப்பாடமும்தான். யாரும் அறியாத ஒரு தலபுராணத்தில் மனப்பாடம் கிடையாது; பொருளோ பல கதவுகளைத் திறந்து வைக்கும். ஒரே குறளில் ஓரடி யாப்பால் உறுதி, மற்றது நம்பிக்கையால் உறுதி. மோனை எல்லா அடியிலும் கட்டாயமில்லை என்பதால் இந்த ஏற்றத்தாழ்வு எந்த நூலிலும் இருக்கும்.

கொம்புப் பிழைக்கு வருவோம். யாப்பு அதில் பாதியைப் பிடிக்கும். காலோடு வரும் ஒற்றைக் கொம்பு போனால் ஒகரம் ஆகாரமாகும், அதாவது குறில் நெடிலாகும். கொடை ஓரசையான நிரை. காடை நேர் நேர். தளை உடனே தட்டும். காலோடு வரும் இரட்டைக் கொம்பு போனால் ஓகாரம் ஆகாரமாகும், இரண்டும் நெடில். தோளும் தாளும் ஒரே நேரசை, எதுகையிலும் ஒரே ளகர ஒற்று. தளையும் எதுகையும் சேர்ந்து ஏமாறும் இடம் இது. மோனை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் வரித் தொடக்கத்தில் கால் குறியோடு நிற்கும் எந்த எழுத்தையும் ஓகாரத்தின் மிச்சமாக இருக்கலாம் என்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். மடக்கி அச்சிட்ட நீண்ட விருத்த அடிகளின் இரண்டாம் பாதி உள்தள்ளி இருப்பதால் பொதுவாகத் தப்பிவிடும். கண் அங்கே சற்று இளைப்பாறலாம்.

ஊகிப்பதற்கு முன் எத்தனை எழுத்துக்கு இடம் இருந்தது என்பதையும் அளக்கலாம். முழுசாக இருக்கும் பக்கம் ஒன்றில் வரியின் முழு அகலத்தை எடுத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட வரியின் அகலத்தைக் கழித்தால் போன அகலம் தெரியும். படம் சாய்வாக இருந்தால் மேல்வரிகளில் கொம்பு மட்டும், கீழே போகப் போக இரண்டு எழுத்து என்று இழப்பு கூடும். மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்தால் போதும். ஒரு எழுத்துக்கான இடத்தில் மூன்றெழுத்துச் சொல்லைச் செருகுவது இதனால் தவிரும்.

கடைசி வழி புள்ளி. எழுத்து போன இடத்தில் புள்ளி வைத்துவிட்டு நகர்வது. வாசகருக்கு எரிச்சல், தேடுபொறிக்குச் சொல் சிக்காது. இருந்தாலும் மரபு உள்ள வழி. உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்ட புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை; பிற்பகுதிப் பாட்டுகள் பலவற்றில் சிதைந்த இடங்கள் இன்றும் புள்ளிகளாகவே அச்சாகின்றன. கல்வெட்டு, பாப்பிரசுப் பதிப்புகளுக்கு 1931இல் லைடனில் வகுத்த மரபு, பதிப்பாசிரியர் நிரப்பியதைப் பகர அடைப்புக்குள் இடச் சொல்கிறது. நிரப்ப முடியாததற்கு அதே அடைப்புக்குள் எழுத்துக்கு ஒரு புள்ளி. அந்தப்படி மேலே உள்ள குறள், நாம் அதை அறியாதவர்களாக இருந்தால், இப்படி நிற்கும்:

[அ]கர முதல எழுத்தெல்லாம் ஆதி
[.]கவன் முதற்றே உலகு

புள்ளிக்கு ஒரு குறை. வெட்டு தெரிகிற இடத்தில்தான் அதை வைப்பார்கள். தாளாக மாறிய தோளுக்கு யாரும் புள்ளி வைப்பதில்லை. ஆகவே புள்ளி வழியை எடுப்பவர் பக்கத் தலையில் ‘இப்பக்கத்தின் இடது ஓரம் படத்தில் இல்லை’ என்று ஒரு வரி எழுதுவது கட்டாயம். அப்போதுதான் அடுத்து வருபவர் முழுசாகத் தெரியும் எழுத்துகளையும் ஐயத்தோடு படிப்பார்.

என் வரிசை இது. கோப்பைத் தோண்டுவதும் மறுபடம் கேட்பதும் எப்போதும் முதலில்; அவை முடியாதபோதுதான் மற்றவை. உரைநடைக்கு வேறு பிரதியைத் தேடி வாரக்கணக்கில் காத்திருக்க மாட்டேன். அடைப்புக்குறியோடு ஊகம் போதும், பெயருக்கும் எண்ணுக்கும் புள்ளி. செய்யுளுக்கு நேர் எதிர்: வேறு பிரதிக்காகக் காத்திருப்பேன். அது கிடைக்காமல் வெளியிட வேண்டிய நிலை வந்தால், தளையும் மோனையும் சேர்ந்து ஒரே எழுத்தைக் காட்டும் அடிகளை மட்டும் நிரப்புவேன். எழுத்துணரியை ஓட்டுவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். எழுத்து படத்தின் விளிம்பைத் தொட்டு நின்றால் டெசராக்ட் என்ற எழுத்துணரி தடுமாறும் என்பதால் வெள்ளை ஓரம் சேர்த்து ஓட்டலாம். அது இருக்கிற எழுத்தைச் சரியாகப் படிக்க உதவும், போன கொம்பைத் திருப்பித் தராது.