மதிப்பெண்ணை மாற்றி எழுதுவதா, விளக்கி எழுதுவதா?

வெளிநாட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 100-க்கு 68 என்ற மதிப்பெண்ணை இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, அமெரிக்காவின் 4 புள்ளி அளவுக்கு நாமே மாற்றுவது. பலரும் 25-ஆல் வகுத்து 2.72 என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு சரி, பொருள் தவறு. அந்த அளவில் 3-க்குக் கீழே என்றால் சுமாரான மாணவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 60-லேயே முதல் வகுப்பு தொடங்கும் பல்கலைக்கழகத்தில் 68 நல்ல மதிப்பெண். அதோடு, சான்றிதழைச் சரிபார்ப்பவர் தேடினால் 2.72 என்ற எண் எந்த ஆவணத்திலும் இருக்காது.

மற்றொன்று, உள்ளதை உள்ளபடி எழுதி அருகிலேயே அளவுகோலைத் தருவது: “68/100, முதல் வகுப்பு 60 முதல், 80 பேரில் 9-ஆம் இடம்.” நான் இதையே பரிந்துரைப்பேன். குறிப்பாக அந்தத் தரவரிசை, நம் முறையை அறியாதவருக்கும் உடனே புரியும். பல்கலைக்கழகம் அதை எழுத்தில் தந்திருந்தால் மட்டுமே சேருங்கள். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தர விளக்கம் அச்சிடப்பட்டிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து இணையுங்கள்.

படிவம் 4 புள்ளி எண்ணையே கட்டாயமாகக் கேட்டால், பிற நாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிட்டுத் தரும் நிறுவனத்திடம் பாடவாரி அறிக்கை பெறுங்கள். பட்டத்தின் இணைநிலையை மட்டும் சொல்லும் அறிக்கையில் அந்த எண் வராது.