வச்சிரப் பசை: நாலு வருஷம் பயன்படுத்திய பிறகு

ஆவடியில் தச்சு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஃபோன் பண்ணினார். "அண்ணே, பழைய நாற்காலி ஆட்டத்துக்கு நீங்க இன்னும் வச்சிரம்தான் போடுறீங்களா? அரை கிலோ வாங்கலாம்னு இருக்கேன்." உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் காலையில்தான் பூசணம் பிடித்துப் போன ஒரு பாட்டில் வச்சிரத்தைக் கொட்டிவிட்டு வந்திருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

பெரம்பூரில் மாடிப்படிக்குக் கீழே எட்டுக்குப் பத்து அடி இடம். அதுதான் என் பட்டறை. புதுச் சாமான் செய்ய அங்கே இடம் கிடையாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய தேக்கு நாற்காலி, ஸ்டூல், முக்காலி கிடைத்தால் வாங்கி வந்து சரிசெய்து விற்கிறேன். பத்தில் எட்டுச் சாமானுக்கு ஒரே நோய்தான், ஆட்டம். பாலிஷ் போனது கண்ணுக்குத் தெரியும், ஆட்டம் உட்கார்ந்தால்தான் தெரியும். பக்கச் சட்டம் பின்காலில் நுழையும் இடத்தில் பசை விட்டுப்போயிருக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலிலும் ஏசியிலும் சுருங்கும். சட்டத்தின் முனையில் காலின் துளைக்குள் போகும் நாக்குதான் கழுந்து. கழுந்தின் நரம்பு ஒரு திசையில் ஓடும், காலின் நரம்பு வேறு திசையில் ஓடும். அதனால் இரண்டும் ஒன்றுபோல உப்புவதில்லை. அதற்கு மேல் ஆட்கள் முதுகைச் சாய்த்து முன்காலைத் தூக்கி ஆடுவார்கள். முப்பது வருஷம் இதைத் தாங்கிய பசை ஒரு நாள் விடத்தான் செய்யும்.

வச்சிரம் என்றால் என்ன என்று தச்சு வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுத் தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் பசை. பெரியவர்கள் வஜ்ரம் என்பார்கள். வெள்ளைப் பசை வருவதற்கு முன்னால் தேக்கு, ஈட்டி மர நாற்காலிகளைப் பெரும்பாலும் இதை வைத்துத்தான் ஒட்டினார்கள். நான் 2021-ல் இதற்கு மாறினேன். காரணம் ஒரே ஒரு நாற்காலி.

அப்போது சந்தையில் நாலு தேக்கு நாற்காலி ஒரே செட்டாக வாங்கினேன். மூன்று சுலபமாகக் கழன்று வந்துவிட்டன. மூட்டில் சிரிஞ்சால் கொதிநீர் விட்டு, கால் மணி நேரம் ஈரத்துணி சுற்றி வைத்து, கட்டை ஒன்றை அணைத்துக் கொட்டாப்புளியால் ரெண்டு தட்டு தட்டினேன். கழுந்து முழுசாகக் கழன்று வந்தது. அதன் மேல் வெல்லப்பாகு நிறத்தில் பழைய வச்சிரம் ஒட்டியிருந்தது. வெந்நீரில் துடைத்தேன், பெரும்பாலும் கரைந்துவிட்டது. மரத்தில் ஊறிப் போன மிச்சத்தைச் சுரண்டவே வேண்டாம். புது வச்சிரம் சூடாக மேலே பட்டால் பழையதும் இளகி இரண்டும் ஒன்றாகிவிடும். மூன்று நாற்காலியும் ஒரு நாளில் முடிந்தது.

நாலாவதை யாரோ முன்பே "சரி" பண்ணியிருந்தார்கள். மூட்டுக்குள் வெள்ளைப் பசையைத் திணித்து, போதாக்குறைக்கு இரண்டு அங்குல ஆணியும் அடித்திருந்தார்கள். ஆணி காலின் உள்பக்கத்தைப் பிளந்திருந்தது. ஆணியைப் பிடுங்கவே ஒரு மணி நேரம். வெந்நீருக்கு இந்தப் பசை லேசாகத்தான் மசிந்தது. சூடான வினிகரை விட்டு, துணி சுற்றி, ராத்திரி முழுக்க வைத்த பிறகு ரப்பர் மாதிரி இளகியது. தட்டியபோது கழுந்தோடு காலின் ஓரத்தில் ஒரு விரல் நீளச் சிராயும் பெயர்ந்து வந்தது. கழுந்தை மரம் தெரியும்வரை உளியால் சுரண்டினேன். காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதுசாக வெள்ளைப் பசையோ வச்சிரமோ சரியாகப் பிடிக்காது, அதனால் சுரண்டியே ஆக வேண்டும். சுரண்டச் சுரண்டக் கழுந்து மெலிந்தது. துளையில் வைத்தால் போஸ்ட் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைப்பார்கள். அது நிற்காது. வெள்ளைப் பசையோ வச்சிரமோ, மரத்தோடு மரம் நெருங்கி உட்கார்ந்தால்தான் பிடிக்கும், நடுவில் இருக்கும் பசை மட்டும் பாரம் தாங்காது. நான் தேக்கில் மெல்லிய சீவல் எடுத்து, கழுந்தின் இரண்டு கன்னத்திலும் நரம்பு வாட்டத்திலேயே ஒட்டிக் காயவைத்தேன். பிறகு இழைத்து, கையால் அழுத்தினால் போகும், ஆனால் தானாக விழாது என்ற பதத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த ஒரு நாற்காலிக்கு மூன்று நாள் போனது. அடுத்த மனுஷன் இதைத் திறக்க வேண்டி வந்தால் மரத்தை உடைக்காமல் திறக்க முடிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து பழைய நாற்காலிக்கு வச்சிரம்தான்.

கையில் வந்த மூட்டில் எந்தப் பசை இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். கொஞ்சம் சுரண்டி எடுத்து ஒரு சொட்டு வெந்நீர் விடுங்கள். இரண்டு நிமிஷத்தில் பிசுபிசுவென்று விரலில் ஒட்டி, தோல் நாற்றம் அடித்தால் வச்சிரம். வெளுத்து ரப்பர் போல இழுபட்டால் வெள்ளைப் பசை. இதைப் பார்க்காமல் எதையும் உள்ளே விடாதீர்கள்.

இனி பக்குவம். ஒரு பங்கு வச்சிரத் துகளுக்கு எடையில் இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் ஊற்றி ராத்திரி ஊறவைக்கிறேன். காலையில் ஜெல்லி போல உப்பியிருக்கும். அதை ஜாம் பாட்டிலோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி, இன்டக்‌ஷன் அடுப்பில் சின்னச் சூட்டில் வைப்பேன். 60 டிகிரி போதும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று அதற்கென்றே வாங்கினேன். 70 தாண்டினால் பசையின் பிடிப்பு குறைந்துவிடும், கொதிக்கவே கூடாது. தூரிகையைத் தூக்கினால் அறுபடாமல் கம்பியாக இறங்க வேண்டும், சொட்டுச் சொட்டாக விழுந்தால் தண்ணீர் அதிகம்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இதில் உண்டு. வச்சிரம் ஆறினால் உறைந்துவிடும், அதற்குள் மூட்டைச் சேர்த்தாக வேண்டும். குளிர்ப் பிரதேசத்துத் தச்சர்கள் ஒரு நிமிஷத்துக்குள் சேர்க்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அந்தப் பயமே இல்லை. மரத்தைப் பத்து நிமிஷம் வாசலில் வெயிலில் வைத்துவிட்டுப் பசை தடவினால், நிதானமாக நாலு மூட்டையும் சேர்த்து, காலைத் தரையில் நிறுத்தி, எது தூக்கி நிற்கிறது என்று பார்த்துத் திருப்பிச் சரிசெய்ய நேரம் இருக்கும். நீளக் கிளாம்ப் வைக்க என் பட்டறையில் இடம் இல்லை. நாலு காலையும் பருத்திக் கயிற்றால் இரண்டு சுற்று சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கிவிடுவேன். முறுக்கும்போது சட்டகம் கோணும். அதனால் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்து, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை தட்டிவிட்டுத்தான் நகர்வேன். வெயில் காலத்தில் ஒரு நாள், ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் அப்படியே விட வேண்டும்.

இவ்வளவு நல்லது சொன்னேன், அத்தனையும் உண்மை. இப்போது என்னைப் பாடாய்ப் படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். கரைத்த வச்சிரம் சென்னையில் தங்காது. இரண்டாம் நாள் ஒரு மாதிரி வாடை, மூன்றாம் நாள் மேலே பச்சைப் பூசணம். அழுகிய பசை பிடிக்காது, கொட்டத்தான் வேண்டும். ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்து, வேண்டிய கட்டியை மட்டும் எடுத்துச் சூடு பண்ணினால் மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் அதற்கு ஃப்ரீசர் வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் மாட்டுத் தோல் பசையை வைக்க என் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம். பட்டறையில் ஃப்ரிட்ஜ் வைக்க இடம் இல்லை. ஆக, ஒவ்வொரு நாற்காலிக்கும் முதல் நாள் ராத்திரியே அளந்து ஊறவைத்து, மிச்சத்தைக் கொட்டி, நாலு வருஷமாக இதே கதை. மழை நாளில் அந்த வாடை மாடிப்படி முழுக்க ஏறும். பூஜை அறை மனை, பலகை என்று வந்தால் இது மாட்டுத் தோல் பசை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வேண்டாம் என்பவர்களுக்கு வெள்ளைப் பசைதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை. வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு அதே வருஷம் நான் விற்ற நாற்காலிகள் இரண்டு நாள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் இறங்கிய பிறகு வாங்கியவர் அனுப்பிய படத்தைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. கீழ்ச் சட்டங்கள் எல்லாம் கழன்று தரையில் கிடந்தன. "சார், எட்டு மாசம்கூட ஆகலையே" என்றார். அவரிடம் நான் என்ன சொல்ல? வெந்நீரில் இளகும் பசை வெள்ளத்திலும் இளகும், அது எனக்குத் தெரியும். வாங்கும்போது அவரிடம் அதைச் சொல்லவில்லை, அது என் தப்பு. நாற்காலிகளை எடுத்துவந்து, வெயிலில் போடாமல் நிழலில் மூன்று வாரம் உலரவைத்து, ஒரே காலையில் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். ஒரு சிராய்கூடப் போகவில்லை. காசு வாங்கவில்லை. அந்த நாற்காலிகள் இன்றைக்கும் நிற்கின்றன.

அப்படிப் பார்த்தால் வச்சிரம் ஜெயித்ததாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நேற்று ராத்திரி முழுக்க மழை, காலையில் மறுபடியும் பூசண பாட்டில், மூக்கில் இன்னும் அந்த வாடை. இந்த மனநிலையில் தம்பிக்கு நான் சொல்லும் பதில்: இப்போது வாங்காதே. தரைத்தளத்தில் இருக்கும் வீட்டுக்குப் போகும் சாமானுக்கு, கால் ஈரத்தில் நிற்கப்போகும் சாமானுக்கு, ஈரம் தாங்கும் வகை வெள்ளைப் பசையே போடு. மூட்டை மட்டும் நெருக்கமாக உட்காரவை, ஆணி மட்டும் அடிக்காதே. மாடி வீட்டுக்குப் போகும் நல்ல தேக்கு, ஈட்டி நாற்காலி கையில் வந்தால் என்னிடம் எடுத்து வா, இரண்டு பேரும் சேர்ந்து ஒட்டலாம்.

என் டப்பாவில் இன்னும் இருநூறு கிராம் துகள் காய்ந்தபடி இருக்கிறது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி மேல் பலகையில் வைத்துவிட்டேன். பொங்கல் கழித்துத்தான் அதைத் திறப்பேன்.