எச்சரிக்கை: கூட்டுத்தொகை சரியாக இருக்கும், பணம் குறைந்திருக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

நாம் இருவரும் சேர்ந்து பணம் போட்டு வரும் மியூச்சுவல் ஃபண்டில் ஏஜென்ட் செய்திருப்பதை விவரமாக எழுதுகிறேன். உன் மேல் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நீ கேட்டதும் அவர் தாள் கொடுத்தார், தாளில் இருந்த கூட்டுத்தொகையும் சரியாகவே இருந்தது. ஏமாற்று வேலையே அந்தக் கூட்டுத்தொகைக்குள்தான் இருக்கிறது. இப்படிக் கூட்டாகப் பணம் போடும் மற்ற வீட்டாரும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கணக்கைப் பார். போன வருடத் தொடக்கத்தில் நம்மிடம் 5,000 யூனிட் இருந்தது. ஒரு யூனிட்டின் விலை 20, ஆக மதிப்பு 1,00,000. வருடக் கடைசியில் விலை 25. அப்படியென்றால் 1,25,000 இருக்க வேண்டும். ஏஜென்ட் தந்த தாளிலும் 1,25,000 என்றுதான் இருந்தது. ஆனால் அது இரண்டு வரியாக இருந்தது: ஃபண்ட் 1,05,000, 'நீண்டகாலச் சேமிப்பு' 20,000. யூனிட் எண்ணிக்கை எங்கேயும் இல்லை.

ஃபண்ட் நிறுவனத்திடமிருந்தே நேராக வாங்கிய ஸ்டேட்மென்டில் இருப்பு 4,200 யூனிட். விலை 25 ஆனபின் 800 யூனிட்டை விற்று, வந்த 20,000-ஐ ஒரு இன்சூரன்ஸ் பாலிசிக்கு முதல் பிரீமியமாகக் கட்டியிருக்கிறார். ஏஜென்டுக்கு முதல் வருடப் பிரீமியத்தில்தான் கமிஷன் அதிகம். நமக்கோ இந்தப் பாலிசியில் முதல் வருடம் சரண்டர் மதிப்பே, அதாவது பாதியில் விட்டால் திரும்பக் கிடைக்கும் தொகையே, கிடையாது. தாளில் 20,000 என்று எழுதியிருப்பது கட்டிய தொகை, திரும்பி வரும் தொகை அல்ல. இன்றைக்கு எடுத்தால் கைக்கு வருவது 1,05,000 மட்டும்தான்.

விலை ஏறும் காலத்தில் இது கண்ணில் படாது. 1,00,000 போய் 1,05,000 ஆனால் லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மதிப்பு சந்தையோடு ஏறி இறங்கும், ஆனால் யூனிட் எண்ணிக்கை யாராவது வாங்கினாலோ விற்றாலோ ஒழிய மாறாது. அதனால் இனி அவரிடம் மதிப்பு எவ்வளவு என்று கேட்காதே, யூனிட் எத்தனை என்று கேள். போன மாத எண்ணிக்கையோடு இந்த மாதம் வாங்கியதைக் கூட்டினால் வருவதே இருப்பாக இருக்க வேண்டும். ஒரு யூனிட் குறைந்தாலும், விற்றிருந்தால் 'ரிடம்ப்ஷன்' என்றோ வேறு திட்டத்துக்கு மாற்றியிருந்தால் 'ஸ்விட்ச்' என்றோ ஸ்டேட்மென்டில் ஒரு வரி இருக்கும், அதைத் தேடு.

இது நடக்க இரண்டு வழி திறந்து கிடந்தது. ஃபோலியோவில், அதாவது நம் ஃபண்ட் கணக்கில், பதிவாகியிருந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ஏஜென்டுடையவை, அதனால் விற்ற செய்தி அவருக்கே போனது. இன்னொன்று, 'புதுப்பிக்க' என்று சொல்லி வாங்கிய கையெழுத்துத் தாள்கள். அந்தக் கட்டில் விற்பனைப் படிவமும் பாலிசி விண்ணப்பமும் பிரீமியத்தை வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் அனுமதியும் நிரப்பப்படாமலே இருந்திருக்கின்றன. இனி எந்தப் படிவமானாலும் திட்டத்தின் பெயர், தொகை, தேதி மூன்றும் எழுதியிருந்தால்தான் கையெழுத்து. காலியாக விட்ட கட்டங்களைக் கோடு போட்டு அடித்துவிடு, படம் எடுத்து எனக்கு அனுப்பு.

தொடர்பு விவரத்தை இந்த வாரமே மாற்று. ஒரே ஒரு மின்னஞ்சலைத்தான் பதிய முடியும் என்றால் நமக்கென்று பொதுவாக ஒன்று தொடங்கி, வருவதெல்லாம் இருவருக்கும் போகும்படி வை. வங்கிக் கணக்கிலும் இருவருக்கும் செய்தி வர வேண்டும்.

நம் இருவருக்குள் ஒரு பதிவேடும் வேண்டும், அதுவும் யூனிட்டிலேயே. தேதி, யார் போட்டது, தொகை, அன்றைய விலை, கிடைத்த யூனிட் என்று ஐந்து பத்தி போதும். தொடக்கத்தில் விலை 20 இருந்தபோது நான் போட்ட 60,000-க்கு 3,000 யூனிட், உன் 40,000-க்கு 2,000. இனி விலை 25-ல் நீ 10,000 போட்டால் உனக்கு 400 யூனிட் சேரும். போட்ட பணத்தை வைத்துப் பிரித்தால் 60-க்கு 50, யூனிட்டை வைத்துப் பிரித்தால் 3,000-க்கு 2,400. யூனிட் கணக்குதான் நியாயம், முதலில் போட்டவர் பணம் அதிக நாள் உழைத்திருக்கிறது. விலை இறங்கிய மாதத்தில் நீ போட்டால் அதே கணக்கு உனக்குச் சாதகமாக வரும். வீட்டுச் செலவுக்கு எடுக்கும்போதும் யார் யூனிட்டிலிருந்து எத்தனை என்று அன்றைக்கே எழுதிவிடு. நான் அனுப்பியது எவ்வளவு என்று பார்க்காதே, அனுப்பும் கட்டணம் போக அங்கே கணக்கில் ஏறிய தொகையை எழுது. அந்தக் கட்டணம் என் பொறுப்பு.

போன 800 யூனிட்டை இருவர் பங்கிலும் 480, 320 என்று இப்போதைக்குக் கழித்து வை. பாலிசிப் பத்திரத்தை உடனே எடுத்துப் பார். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தரலாம் என ஒரு பிரிவு இருக்கும், 'ஃப்ரீ லுக்' என்பார்கள். அந்த நாட்கள் தாண்டவில்லை என்றால் ஏஜென்டிடம் போகாதே, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கு. தாண்டிவிட்டால் அடுத்த பிரீமியம் பிடிக்காமல் வங்கியில் அனுமதியை ரத்து செய். பிறகு ஏஜென்டின் தாள், நேரடி ஸ்டேட்மென்ட், விற்ற தேதி, பிரீமியம் கட்டிய தேதி நான்கையும் இணைத்து இரண்டு நிறுவனங்களின் புகார்ப் பிரிவுக்கும் அனுப்பலாம். புகாரை நான் எழுதுகிறேன், பத்திரத்தின் படத்தை இன்றைக்கே அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்