விட்டுப்போன பாட்டு வகுப்பை இணையத்தில் ஈடுசெய்தல்: ஓர் ஆசிரியையின் நீண்டகால அனுபவம்

மந்தைவெளியில் என் வீட்டில் ஞாயிறு காலைகளில் குழந்தைகளுக்குக் கர்நாடக வாய்ப்பாட்டு கற்பிக்கிறேன். 2020 ஊரடங்கின்போது எல்லா வகுப்புகளையும் இணையத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிறகு நேரடி வகுப்புகள் திரும்பிவிட்டன என்றாலும், ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் இணைய வகுப்பை இன்றும் விடாமல் வைத்திருக்கிறேன். மழையாலோ காய்ச்சலாலோ பள்ளித் தேர்வாலோ ஒரு குழந்தை ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தைத் தவறவிட்டால், அடுத்த ஞாயிறுக்குள் அந்தக் குழந்தைக்கு மட்டும் தனியாக ஒரு வகுப்பு வைத்து, குழுவோடு சேர்த்துவிடுவேன். ஜூம் செயலியின் கட்டணமில்லாக் கணக்கில்தான் இதைச் செய்கிறேன். 2022 முதல் அதில் இருவர் மட்டும் பேசினாலும் 40 நிமிடம்தான் கிடைக்கிறது. பத்து வயதுக் குழந்தையின் குரல் சோர்ந்துபோகாமல் பாடக்கூடிய நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், இந்த வரம்பு எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

பாட்டு வகுப்புக்கு இத்தகைய செயலிகளைப் பயன்படுத்துவோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அவை மனிதப் பேச்சுக்காக உருவாக்கப்பட்டவை என்பதுதான். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் இடைவிடாத ஒலியை இரைச்சல் என்று கருதி நீக்கிவிடும் வகையில் அவை இயல்பாக அமைந்திருக்கின்றன. சுருதிப் பெட்டியின் நாதமும் இடைவிடாத ஒலியே ஆகையால், அதையும் அவ்வாறே நீக்கிவிடுகின்றன. அதோடு நிற்காமல், குழந்தை ‘ஸா’ என்று நீட்டிப் பிடிக்கும் கார்வையையும் சில விநாடிகளில் தேய்த்துவிடுகின்றன. ஆரம்ப நாட்களில் ஒரு தாயார், “மிஸ், அவ பாடிட்டேதான் இருக்கா, உங்களுக்குக் கேக்கலையா?” என்று கேட்டபோதுதான், குழந்தை பாடுவதை நிறுத்தவில்லை, ஒலிதான் வழியில் அறுபடுகிறது என்பது தெளிவாயிற்று.

இதைக் கண்டறிய ஒரு எளிய சோதனை உண்டு. வகுப்பின் தொடக்கத்தில் குழந்தையைச் சுருதியோடு சேர்ந்து பத்து விநாடி ‘ஸா’ பிடிக்கச் சொல்கிறேன். வாய் திறந்தே இருக்கும்போது ஒலி மட்டும் மங்கினால், இரைச்சல் நீக்கம் வேலை செய்கிறது என்று பொருள். கணினியில் ஜூமின் ஒலி அமைப்புகளுக்குள் Original sound for musicians என்ற தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு நடக்கும்போது திரையில் தெரியும் பொத்தானிலும் இயக்க வேண்டும். முக்கியமாக, இதை மாணவர் பக்கத்தில் செய்ய வேண்டும். ஒலியை அனுப்பும் கருவியில்தான் நீக்கம் நடக்கிறது என்பதால், ஆசிரியர் தம் கணினியில் எவ்வளவு சரிசெய்தாலும் மாணவரின் குரல் முழுமையாக வந்து சேராது. பெற்றோர் ஒருவர் முதல் ஐந்து நிமிடம் அருகில் இருக்கும்படி நான் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

சுருதியை எங்கே வைப்பது என்பதும் இதைப் போலவே முக்கியமானது. பல வீடுகளில் இப்போது சுருதிப் பெட்டிக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலிதான் இருக்கிறது. வகுப்பு நடக்கும் அதே கைப்பேசியில் சுருதிச் செயலியையும் ஓட்டினால், அந்தக் கருவியின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் எதையும் எதிரொலியாகக் கருதி அழைப்பு அழித்துவிடும். குழந்தைக்குச் சுருதி கேட்கும், எனக்குக் கேட்காது. அதனால் வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசியையோ தனிச் சுருதிப் பெட்டியையோ குழந்தையின் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். என் பக்கத்தில் சுருதியை நிறுத்திவிடுவேன், இரண்டும் ஒலித்தால் எதோடு சேர்வது என்று குழந்தை தடுமாறும். புளூடூத் இயர்போன் தாமதத்தைக் கூட்டுவதோடு, மைக்கின் தரத்தையும் குறைத்துவிடுகிறது. கம்பி வைத்த சாதாரண இயர்போனே பாட்டுக்குப் போதும்.

ஒலி சரியான பின்னும் தீராத ஒன்று தாமதம். என் குரல் குழந்தையைச் சென்றடையவும், அவள் குரல் என்னிடம் திரும்பி வரவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், நல்ல இணைப்பிலேயே விநாடியில் கால் பாகத்துக்கு மேல் ஆகிவிடுவது வழக்கம். தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரம் விநாடிக்கு ஒன்று என்ற நடையில் தாளம் போட்டால், முதல் காலத்தைவிட நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு நான்கு ஸ்வரங்கள், அதாவது ஒரு ஸ்வரத்துக்குக் கால் விநாடி. அப்படியானால் நானும் குழந்தையும் சேர்ந்து பாட முயலும்போது, அவள் எனக்கு ஒரு ஸ்வரமாவது பின்தங்கியே கேட்பாள். அவள் பாடுவது முற்றிலும் சரியாக இருக்கும், எனக்கோ தவறாகக் கேட்கும். இந்தத் தாமதத்தை எந்த அமைப்பாலும் நீக்க முடியாது என்பதால், ஈடுசெய்யும் வகுப்பில் சேர்ந்து பாடுவதையே விட்டுவிட்டேன். நான் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, பாடி நிறுத்துவேன், என் மைக்கை அணைப்பேன், பிறகு அவள் தானே தாளம் போட்டுப் பாடுவாள். அவளுடைய கையும் குரலும் ஒரே அழைப்பில் சேர்ந்து வருவதால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே என் வேலை. அவள் கையை என் கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனற்றது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவது நல்லது. மடிப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தெருவில் மழைநீர் தேங்கியதால் ஒரு ஞாயிறு வரவில்லை. அன்று குழுவுக்கு நான் கற்பித்தது ஜம்பை தாள அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சி. மிஸ்ர ஜாதி ஜம்பைக்கு ஓர் ஆவர்த்தனத்தில் 10 அட்சரங்கள்: ஏழு எண்ணிக்கை கொண்ட லகு, ஒரே தட்டான ஓர் அனுதிருதம், தட்டும் வீச்சுமான ஒரு திருதம். மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் வரி இப்படி அமைகிறது, கடைசியில் உள்ள காற்புள்ளி ‘ம’வை நீட்டும் கார்வை:

ஸ ரி க ஸ ரி ஸ ரி | க | ம , ||

இந்தத் தாளத்தின் சிக்கல் லகுவில் இருக்கிறது. ஒரு தட்டுக்குப் பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல், கட்டை விரல் என்று எண்ணினால் ஆறு எண்ணிக்கைதான் ஆகிறது. ஏழாவதுக்கு மீண்டும் சுண்டு விரலுக்குத் திரும்ப வேண்டும். புதிதாகக் கற்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் கட்டை விரலோடு லகு முடிந்துவிட்டதாக எண்ணி அனுதிருதத்தின் தட்டுக்குத் தாவிவிடுவார்கள்.

விடுபட்ட பாடத்தின் ஒலிப்பதிவை வாட்ஸாப்பில் அனுப்பினால் போதாதா என்று பெற்றோர் கேட்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. விரல் எண்ணிக்கைகளுக்கு ஓசை கிடையாது. ஒலிப்பதிவில் கேட்பது தட்டுகள் மட்டுமே. அதைக் கேட்டுக் கற்கும் குழந்தைக்கு, சுண்டு விரலுக்குத் திரும்பும் அந்த ஏழாவது எண்ணிக்கை எங்கும் புலப்படாது. ஆகவே நான் அனுப்புவது கை தெளிவாகத் தெரியும் காணொளி. ஒரு வரியைப் பாடிவிட்டு, அடுத்த ஆவர்த்தனத்தில் வாய் திறவாமல் கையை மட்டும் போடுகிறேன். அந்த இடைவெளியில் குழந்தை பாட வேண்டும். ஏறும்போது ஐந்து வரி, இறங்கும்போது ஐந்து வரி. பாடுவதும் இடைவெளியுமாக வரிக்கு 20 விநாடி என்றால், முழுப் பதிவும் மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதைத் திங்கட்கிழமை அனுப்பி, புதன்கிழமை மாலை வகுப்பை வைத்துக்கொள்வது எனக்கு ஒத்துவருகிறது. ஒரே நாள் இடைவெளியில் வைத்தால் குழந்தை பதிவைப் பார்த்திருக்காது, சனிக்கிழமைக்குத் தள்ளினால் திருத்தியதைப் பழகிப் பார்க்க நேரம் இருக்காது.

அந்த மாணவி புதனன்று பாடியபோது ஸ்வரங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் ‘ம’ தட்டில் விழாமல் வீச்சில் விழுந்தது. கை ஓர் எண்ணிக்கை முந்திவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஏழாவது எண்ணிக்கை விடுபட்டதால் லகுவின் கடைசி ‘ரி’ அனுதிருதத்தின் தட்டிலும், ‘க’ திருதத்தின் தட்டிலும், ‘ம’ வீச்சிலும் போய் விழ, கார்வைக்கு இடமே இல்லாமல் போயிற்று. அவள் கார்வையை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். காதால் மட்டும் கேட்டிருந்தால், கார்வை குறைகிறது, நீட்டிப் பாடு என்று சொல்லியிருப்பேன், அது நோயை விட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாக முடிந்திருக்கும். குரலை நிறுத்திவிட்டு, “ஒண்ணு, ரெண்டு” என்று பத்து வரை எண்ணிக்கொண்டு கையை மட்டும் போடச் சொன்னேன். “ஏழுல எந்த விரல்?” என்று கேட்டதும் தானே நிறுத்திப் பார்த்துச் சுண்டு விரலுக்குத் திரும்பினாள். அதன் பிறகுதான் மீண்டும் பாட வைத்தேன்.

இதற்கெல்லாம் கேமரா எங்கே இருக்கிறது என்பது முக்கியம். மேசையில் வைத்த கணினியில் முகம் மட்டும்தான் தெரியும். குழந்தை தரையில் அமர்ந்து, கருவியை நான்கடி தள்ளி ஒரு முக்காலியின் மேல் வைத்தால் முகமும் தொடையில் போடும் தாளமும் சேர்ந்து தெரியும். தொலைவு கூடுவதால் குரல் சற்று மெலியும். இயர்போனின் மைக் சட்டைக் கழுத்தருகே இருந்தால் அதுவும் சரியாகிவிடும்.

முதல் காலமும் இரண்டாம் காலமும் இந்த வகுப்பில் நன்றாகவே தேறிவிடுகின்றன. மூன்றாம் காலத்தை இணையத்தில் நான் எடுப்பதில்லை. அழைப்பில் படமும் ஒலியும் ஒன்றுக்கொன்று சிறிது விலகி வரக்கூடும். முதல் காலத்தில் அந்த விலகல் பொருட்டல்ல, கால் விநாடிக்கு ஒரு ஸ்வரம் ஓடும்போது கை தவறியதா படம் பின்தங்கியதா என்று எனக்கே தெரியாது. மேலும் பத்து வரிகளை மூன்றாம் காலத்தில் பாடினால் இரண்டரை ஆவர்த்தனம்தான் ஆகும். தாளம் தொடங்கும் இடமான சமத்தில் முடிக்க முழுவதையும் இரண்டு முறை பாட வேண்டும், அந்த இடத்தில் குழந்தைக்குப் பக்கத்தில் ஆசிரியரின் கை வேண்டும். குரல் திறந்து வருகிறதா, தொண்டையை இறுக்கிப் பாடுகிறாளா என்பதையும் நேரில்தான் தீர்மானிக்கிறேன்.

இவ்வகுப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஒரு பாடம் தவறினால் மட்டுமே இது. தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் வராத குழந்தையை இணையத்தில் இழுத்துப் பிடிக்க முயன்றால், பாடம் நகருமே தவிர, பழகிய தவறுகள் திருத்தப்படாமல் தங்கிவிடுகின்றன. அத்தகைய குழந்தைகளைக் குழுவுக்கு அரைமணி முன்னதாக வீட்டுக்கு வரச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்து மாணவி அடுத்த ஞாயிறு மற்றவர்களோடு அமர்ந்து இரண்டு காலங்களையும் பாடினாள். மூன்றாம் காலத்தை அன்று எல்லோரும் சேர்ந்தே தொடங்கினோம்.