லீவு முடிஞ்சும் வரலன்னா என்ன ஆகும்? சட்ட வாசகத்த தொழிலாளி கையேடா மாத்துன அனுபவம்

கங்கைகொண்டான் சிப்காட்டுல ஒரு கம்பெனியில எச்.ஆர். வேலை பாக்கேன். எங்க ஸ்டாண்டிங் ஆர்டரையும், அதாவது கம்பெனி வேலை விதிகளச் சொல்லுத நிலையாணையையும், லீவு பாலிசியையும் லேசான தமிழ்ல கையேடா போட்டு வருசம் கொஞ்சம் ஆச்சு. இது எப்படி உழைச்சிருக்குன்னு நெறைய பேரு கேக்காக, அதான் எழுதுதேன். முழு கையேட்டையும் பத்தி சொன்னா நீளும், அதனால ஒரே ஒரு பகுதி, லீவு முடிஞ்சும் திரும்பாம இருக்கிறது. எங்க பக்கம் அதிகமா தகராறு வாரது இதுலதான்.

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில், அப்புறம் சித்திரை வைகாசின்னு வரிசையா அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை. அஞ்சு நாள் லீவு போட்டு ஊருக்குப் போவாக, கொடை முடிஞ்சு எட்டாம் பூசையும் பாத்துட்டு வருவோம்னு இருந்துருவாக. லீவு தாண்டிரும்.

இதுக்கு எங்க ஸ்டாண்டிங் ஆர்டர்ல இருக்குதது மத்திய அரசு முன்மாதிரியா போட்டுக் குடுத்த 'மாதிரி நிலையாணை'யில உள்ள அதே வாசகம்தான். அதுல உள்ள சங்கதி இம்புட்டுதான்: லீவு முடிஞ்ச எட்டு நாளுக்குள்ள திரும்பணும், முன்னாடியே வர முடியாமப் போன காரணத்த முதலாளிக்கு திருப்தியாகுத மாதிரி சொல்லணும், இல்லன்னா அந்த வேலை மேல உள்ள உரிமை போயிரும், ஆனா ஆள் வராத நாள்ல கூப்பிடுத பதிலி ஆள் பட்டியல்ல வச்சுக்கச் சொல்லி கேக்கலாம். இவ்வளவையும் ரெண்டே வாக்கியத்துல, கமா மேல கமா போட்டு, நிபந்தனைய நடுவுல சொருகி எழுதியிருப்பாக. எளிமைப்படுத்துதேன்னு கிளம்புத ஆள்க வழக்கமா இத "எட்டு நாளுக்குள்ள வந்தா போதும்"னு சுருக்கிருதாக. படிக்க சுகமா இருக்கும், ஆனா தப்பு. நாள் ஒரு நிபந்தனை, காரணம் இன்னொரு நிபந்தனை, ரெண்டும் சேந்து இருக்கணும். ஒரு வாசகத்த உடைக்கதுக்கு முன்னாடி அதுல எத்தனை நிபந்தனை, அதெல்லாம் 'உம்'மா 'அல்லது'வா, இத மட்டும் தனித் தாள்ல எழுதிப் பாத்துக்கிடுங்க, அதுக்கப்புறம் வாக்கியத்துல கை வைங்க.

அடுத்தது, சட்டம் பிரிச்சு வச்சிருக்க வரிசையில கையேட்ட எழுதக்கூடாது. லீவு கேக்க முறை ஒரு இடத்துல இருக்கும், லீவ நீட்டிக்கது அதுக்குக் கீழ ஒரு துண்டா இருக்கும், எட்டு நாள் கணக்கு இன்னொரு துண்டு, பத்து நாளுக்கு மேல லீவு இல்லாம வராம இருந்தா ஒழுங்கீனம்ங்கது எங்கயோ தள்ளி ஒழுங்கீனப் பட்டியலுக்குள்ள கெடக்கும். தொழிலாளிக்கு இது நாலும் ஒரே சம்பவம்தான? அதனால நாங்க நடக்க வரிசையிலயே வச்சோம். இப்ப எங்க கையேட்டுல இருக்கது ஏறக்குறைய இப்படி:

"உங்க லீவு 10-ந்தேதி முடியுதுன்னு வைங்க. கூடுதல் நாள் வேணும்னா 10-ந்தேதிக்கு முன்னாடியே கேளுங்க. கேக்காம இருந்துட்டா, 18-ந்தேதிக்குள்ள வேலைக்கு வரணும், ஏன் வர முடியலன்னு காரணமும் சொல்லணும். ரெண்டும் வேணும். இதுல ஒண்ணு இல்லன்னாலும் உங்க வேலை உரிமை போக வாய்ப்பு இருக்கு. ஆனா உங்க பேர சும்மா அடிச்சிர மாட்டோம். லீவு ஃபாரத்துல நீங்க குடுத்த முகவரிக்கு நோட்டீஸ் வரும், உங்க பதில கேட்டு விசாரிச்ச பொறகுதான் முடிவு."

கடைசி ரெண்டு வாக்கியத்தப் பாருங்க. அது ஸ்டாண்டிங் ஆர்டர் வாசகத்துல எங்கயும் கிடையாது. ஆனா 1993-ல டி.கே. யாதவ் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, எட்டு நாளுக்கு மேல வரலங்கதுக்காக ஸ்டாண்டிங் ஆர்டர்ல இருக்குன்னே ஒரு ஆளு வேலைய தானா முடிக்க முடியாது, அவன் தரப்ப கேக்கணும்னு. ஆக வாசகத்த மட்டும் பாத்து வரிக்கு வரி எளிமைப்படுத்துனா, சட்டப்படி இப்ப நடக்காத ஒண்ண சுத்தமான தமிழ்ல எழுதி வச்சிருப்போம். தீர்ப்பையும் சேத்துப் படிக்க ஒரு வக்கீல் கண்டிப்பா வேணும். எங்க வக்கீலுக்கு ரெண்டு பத்தியா அடிச்சுக் குடுப்போம், இடப்பக்கம் மூல வாசகம், வலப்பக்கம் நம்ம தமிழ். எது தப்பு, எது விட்டுப் போச்சுன்னு அவரு குறிச்சுக் குடுப்பாரு, வாக்கியத்த திருப்பி எழுதுதது நாங்கதான். அவரு கையில விட்டா "மேற்கூறிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு" திரும்ப வந்து உக்காந்துரும்.

அப்புறம் ஷிஃப்ட் மாறுத நேரத்துல ஆள்களக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டுவோம். "புரிஞ்சுதா"ன்னு கேட்டா எல்லாரும் தலைய ஆட்டுவாக, அதுல ஒண்ணும் தெரியாது. "10-ந்தேதி லீவு முடியுது, ஒருத்தன் 15-ந்தேதி வாரான், காரணம் எதுவும் சொல்லல, அவனுக்கு என்ன ஆகும்?"னு கேளுங்க. பதில் வேற வேறயா வந்தா பகுதி சரியில்லன்னு அர்த்தம். இப்படி கேக்கும்போதுதான் மிஷின் ஓட்டுத ஒரு அண்ணாச்சி, "எய்யா, நான் சூப்பர்வைசர்ட்ட போன்ல சொல்லிட்டேன்னா போதாதா?"ன்னாரு. வாசகத்துல 'முதலாளி அல்லது அதிகாரம் பெற்ற அலுவலர்'னு இருக்கு, அது யாருன்னு தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? அதனால லீவ நீட்டிக்க அதிகாரம் யாருக்கு, எந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பணும், சூப்பர்வைசர்ட்ட வாயால சொன்னது கணக்கில்லங்கத கட்டம் கட்டிப் போட்டோம். அதே மாதிரி முகவரி. நீட்டிப்புக்கு எழுத்துல பதில் அனுப்பணும்னு மாதிரி நிலையாணை சொல்லுது, ஆனா ஆள் இருக்க முகவரி தெரிஞ்சாத்தான், லீவு முடியுததுக்குள்ள பதில் போய்ச் சேரும்னாத்தான். நம்ம பயலுவ சிப்காட் பக்கத்துல வாடகைக்கு இருக்க ரூம் முகவரியக் குடுத்துட்டு ஊருல இருப்பாக. லீவு ஃபாரத்துல 'லீவுல இருக்கப் போற ஊர் முகவரி'ன்னு தனிக் கட்டமே போட்டாச்சு.

இத்தன நாள் பாத்ததுல, இந்தப் பகுதியால நாள் தாண்டி வாரது நின்னுடல, கொடைன்னா போகத்தான் செய்வாக. ஆனா முன்கூட்டியே மெசேஜ் போடுதாக, வரும்போது ஆஸ்பத்திரி சீட்டோ என்னவோ கையில கொண்டு வாராக, வாசல்லயே வச்சு வாக்குவாதம் வாரது கொறஞ்சிருக்கு. எனக்கு இதுதான் பெருசு.

எல்லாத்தையும் இப்படி எளிமையாக்கலாம்னு நெனைக்காதீங்க. ஒழுங்கீனப் பட்டியல நாங்க மூல வாசகமாவே விட்டு, பக்கத்துல உதாரணம் மட்டும் குடுத்தோம். குற்றச்சாட்டு குறிப்பாணையில அந்த வாசகத்ததான் எடுத்துப் போடணும், கையேட்டுல வேற மாதிரி இருந்தா விசாரணையில அதுவே பிடியாயிரும். முன்பக்கத்துலயே 'கையேடும் நிலையாணையும் மாறுபட்டா நிலையாணைதான் செல்லும்'னு போட்டிருக்கோம், ஆனா அத நம்பி அசால்ட்டா எழுதக்கூடாது, தொழிலாளி படிச்சு நடக்கது கையேட்டத்தான்.

பெரிய தலைவலி, காலாவதி ஆகுதது. சம்பளத்தோட வருடாந்திர லீவுக்கு பழைய தொழிற்சாலைச் சட்டத்துல 240 நாள் வேலை பாத்திருக்கணும்னு இருந்துச்சு. 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புல அது 180 நாள் ஆயிட்டு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவுங்கது அப்படியே இருக்கு. எங்க கையேட்டுல ஒவ்வொரு பகுதிக்கு அடியிலயும் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதியில சரிபாத்ததுன்னு சின்ன எழுத்துல இருக்கும், அதனால 240-ங்க நம்பர் எந்தெந்தப் பக்கத்துல கெடக்குன்னு ஒரே மத்தியானத்துல தேடி எடுத்துட்டோம். புதுசா கையேடு போடுத ஆள்க அந்த அடிக்குறிப்ப மொத நாள்லயே வச்சிருங்க. அச்சடிச்ச புஸ்தகமா தைக்காம, பகுதி பகுதியா கழத்தி மாத்துத ஃபைலா போடுங்க.