'புதிய சரக்கு வந்துவிட்டது' என்று ஸ்வீட் கடையிலிருந்து மெசேஜ் வந்தால்

திருச்சியில் ஒரு ஸ்வீட் கடையில் இந்தத் தீபாவளிக்கு (2025) முன்பதிவு செய்து ஏமாந்த கதை இது. கடை பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. தவிர, இதே மாதிரி மெசேஜ் வேறு கடைகளிலிருந்தும் வந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள்.

தங்கைக்கு இது தலை தீபாவளி. வீட்டுக்கும், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பவும் சேர்த்து நெய் மைசூர்பாக் 4 கிலோ, லட்டு 2 கிலோ, மிக்சர் 2 கிலோ என்று அக்டோபர் 5ஆம் தேதியே எழுதி வைத்தேன். முன்பதிவு செய்தால் மைசூர்பாக் கிலோ 680 ரூபாய், நேரில் வந்து வாங்கினால் 780 என்றார்கள். மொத்தம் 4,520 ரூபாய், முழுப் பணமும் அன்றே கட்டியாகிவிட்டது. 19ஆம் தேதி ஞாயிறு மாலை 5 மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள்.

அந்த ஞாயிறு மாலை நான் வண்டியை எடுக்கும்போதே மெசேஜ் வந்தது. "தங்கள் பேராதரவால் எங்கள் தீபாவளி இனிப்புகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. சிரமத்திற்கு வருந்துகிறோம். விரைவில் புதிய சரக்கு வந்ததும் தெரிவிக்கிறோம். தாங்கள் செலுத்திய தொகை கூப்பனாகப் பாதுகாப்பாக உள்ளது." அவ்வளவுதான். முதல் வரி மன்னிப்பு இல்லை, பெருமை. முன்பதிவு என்ற சொல்லே அதில் எங்கும் கிடையாது. என் பணத்தை என்னைக் கேட்காமலேயே கூப்பனாக மாற்றியதைக்கூட எனக்குச் செய்த உதவி மாதிரி எழுதியிருந்தார்கள்.

போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் இருந்த புக்கிங் கவுன்டரில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. முன்பக்கக் கவுன்டரில் கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. தட்டுகளில் லட்டு கோபுரமாக நிற்கிறது. "இது என்ன சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன். "அது லூஸ் சேல் சரக்கு சார், புக்கிங் சரக்கு வேற" என்றார். ஒரே அடுப்பில் வெந்த லட்டில் இந்தப் பிரிவு எப்படி வந்தது என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

சித்தப்பாவிடம் போனில் புலம்பினேன். அவர் வீடு அந்தக் கடைக்குப் பக்கத்துத் தெரு. விடாப்பிடிக்காரர், நேரே போய் வரிசையில் நின்று அதே நெய் மைசூர்பாக் ஒரு கிலோ வாங்கிவிட்டார். பில்லில் நேரம் 8.42, விலை 780. அதாவது, எனக்குத் தீர்ந்துபோன சரக்கு அவருக்குத் தீரவில்லை. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்ததும், 680க்கு ஒதுக்கி வைத்ததை 780க்குத் தள்ளிவிட்டார்கள் என்பது என் ஊகம். ஆனால் அந்த பில் ஊகமில்லை. புகாருக்கு உயிரே அதுதான். நீங்களும் இப்படி மாட்டினால் கவுன்டரில் சண்டை போடுவதோடு நிறுத்தாமல், வீட்டு ஆள் யாரையாவது விட்டு அதே பொருளில் கால் கிலோ வாங்கி பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

அன்றிரவு தெருமுனைக் கடையில் கிடைத்த அதிரசத்தையும் முறுக்கையும் வைத்து ஒப்பேற்றினோம். மாப்பிள்ளை நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்குத்தான் ஆறவில்லை.

21ஆம் தேதி மாலை இரண்டாவது மெசேஜ். "மகிழ்ச்சியான செய்தி! புதிய சரக்கு வந்துவிட்டது. நாளை முதல் கூப்பனைப் பயன்படுத்திப் பெற்றுக்கொள்ளலாம்." இங்கேதான் நான் முழித்திருக்க வேண்டும். புதிய சரக்கு 'வந்தது' என்கிறார்களே தவிர, புதிதாகப் 'போட்டது' என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்னால் பத்து நாள் ராத்திரி பகலாக அடுப்படியில் நின்ற சரக்கு மாஸ்டர்களும் உதவியாட்களும் பண்டிகை அன்றே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் கடைக்குப் போனபோது வாசலில் இருந்த வாட்ச்மேன் அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். "மாஸ்டருங்க எல்லாம் வெள்ளிக்கிழமைதான் வருவாங்க தம்பி" என்றார். நான் நின்றது புதன்கிழமை. அப்படியானால் இந்தச் சரக்கைப் போட்டது யார்?

பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பேக்கிங் தேதி 22/10/2025 என்று ஸ்டிக்கர். அதன் ஒரு ஓரம் தடித்திருந்தது. நகத்தால் நெம்பினால் கீழே இன்னொரு ஸ்டிக்கர், 16/10/2025. நான்கு மைசூர்பாக் பெட்டிகளில் மூன்றில் இப்படி. திறந்தால் அடியில் போட்ட தாள் நெய்யில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது, மேல்துண்டுகள் வறண்டு விளிம்பு உதிர்ந்தன. வாயில் போடுவதற்கு முன்பே லேசான சிக்கு வாடை. லட்டின் மேல் சர்க்கரை வெள்ளையாகப் பூத்து, உடைத்தால் பூந்தி பூந்தியாகக் கொட்டியது. மிக்சர் மட்டும் பரவாயில்லை.

எங்கோ விற்காமல் நின்றதைத்தான் கூப்பன்காரர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். காசு ஏற்கெனவே அவர்கள் கையில் இருப்பதால் நாம் பேரம் பேச முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது.

இதில் இரண்டு விதிகள் தெரிந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் 'இந்தத் தேதிக்குள் சாப்பிடவும்' என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். தயாரித்த தேதியை எழுதுவது கடைக்காரர் விருப்பம். அந்தக் கடையில் ஒரு தட்டிலும் எந்தத் தேதியும் இல்லை. இன்னொன்று பணம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். "எங்க பாலிசி கூப்பன்தான் சார்" என்று மேனேஜர் சொன்னதும் நான் பேசாமல் திரும்பியது என் தப்பு.

அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். முன்பதிவுச் சீட்டு, இரண்டு மெசேஜ்கள், சித்தப்பாவின் பில், ஸ்டிக்கரைப் பாதி உரித்த போட்டோ ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தேன். முழுதாக உரித்துவிடாதீர்கள், இரண்டு தேதியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். பன்னிரண்டாம் நாள் கடையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு 4,520 ரூபாயையும் கணக்கில் போட்டார்கள். "புகாரை வாபஸ் வாங்கிடுங்க சார்" என்றார் மேனேஜர். பண விஷயம் முடிந்தது என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஸ்டிக்கர் விவகாரம் தனி. அதை உணவு பாதுகாப்புத் துறைக்கு எழுதியிருக்கிறேன், ஆய்வுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரிக்காமல் விட்ட ஒரு பெட்டி ஃப்ரீசரில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எப்போது வெளியே எடுப்பாய் என்று அம்மா தினமும் கேட்கிறார்.